எக்ஸ்ரே நார்மல், ஆனால் பந்து போட்டால் இடுப்பு வலி

"டாக்டர், நாங்கள் கோத்தகிரி பக்கம். பையனுக்கு 15 வயது, வலதுகை வேகப்பந்து போடுகிறான். பரீட்சைக்காக இரண்டு மாதம் பந்தைத் தொடவில்லை. லீவு விட்டதும் கேம்ப்பில் சேர்த்தோம், திங்கள் முதல் சனி வரை தினமும் காலையில் 8 ஓவர். சனி, ஞாயிறு மதியம் ஊர் மேட்ச்சில் 6 ஓவர். நாலாவது வாரத்திலிருந்து இடுப்பில் இடது பக்கம் வலி. ரெண்டு நாள் விட்டால் போகிறது, பந்து போட்டால் திரும்ப வருகிறது. எக்ஸ்ரே நார்மல். பனியில் விளையாடுவதாலா, டிஸ்க்கா, கிட்னி கல்லா? நெட்டில் படித்தால் கால் விளங்காமல் போகும் என்கிறார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு விளையாடுகிறான். அடுத்த மாதம் செலக்‌ஷன்."

பனியும் இல்லை, கல்லும் இல்லை. கால் விளங்காமல் போவதைப் பற்றிப் படித்ததை மறந்துவிடுங்கள். கால் மரத்துப் போவது, வலுவிழப்பது, சிறுநீர் கழிப்பதில் சிக்கல், காய்ச்சல், இரவில் தூங்கவிடாத வலி என ஏதாவது வந்தால் மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இப்போது உங்கள் பையனிடம் அவை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

நான் கவலைப்படுவது அந்த இடது பக்க வலியைப் பற்றித்தான். வலதுகை பௌலர் முன்காலை ஊன்றும் நொடியில் உடம்பு பின்னால் வளைந்து, இடது பக்கம் சாய்ந்து, கூடவே திருகவும் செய்கிறது. உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்த ஒரு காலில் இறங்கும். முள்ளெலும்பின் பின்பக்கம் மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் பார்ஸ் என்ற குறுகலான எலும்புப் பகுதி இருக்கிறது, அடி முழுக்க அங்கேதான். இந்த வயதில் அது இன்னும் முழுசாகக் கெட்டிப்படவில்லை. அதனால் வேகப்பந்து போடும் பையனுக்கு, போடும் கைக்கு எதிர்ப்பக்கம், ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும்படி, பந்து போட்டால் கூடி ஓய்வில் அடங்கும் இடுப்பு வலி என்றால் எலும்பில் அழுத்தக் காயம் என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் வரை. இடது காலில் மட்டும் நின்று மெல்லப் பின்னால் வளையச் சொல்லுங்கள். அதே இடத்தில் சுருக்கென்றால் சந்தேகம் இன்னும் பலமாகிறது. வலிக்கவில்லை என்பதற்காக விட்டுவிடவும் கூடாது.

எக்ஸ்ரே நார்மல் என்பதில் நிம்மதிப்பட ஒன்றுமில்லை. ஆரம்பக் கட்டத்தில் இது எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. கோவைக்கு இறங்கி எம்.ஆர்.ஐ. எடுங்கள். 'வேகப்பந்து வீச்சாளர், பார்ஸ் பகுதியைப் பார்க்கவும்' என்று டாக்டரிடம் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டிஸ்க்கை மட்டும் பார்த்து ரிப்போர்ட் கொடுத்துவிடுவார்கள். லேசான டிஸ்க் வீக்கம் என்று வந்தால் பயப்படாதீர்கள், வலியே இல்லாதவர்களுக்கும் அது இருக்கும்.

சரி, ஏன் முதல் வாரத்தில் வராமல் நாலாவது வாரத்தில் வந்தது? அடி பட்ட எலும்பை உடம்பு முதலில் அரித்து எடுக்கும், அப்புறம்தான் புது எலும்பு போடும். மலைப்பாதையில் பழைய தாரைத் தோண்டிவிட்டுப் புதுசு போடுவதற்குள் லாரிகளை விட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, உங்கள் கணக்குப்படியே வாரத்துக்கு 60 ஓவர், அதாவது 360 பந்து, ஒரு நாள்கூட விடாமல். 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இங்கிலாந்து வாரியத்தின் வழிகாட்டுதல் ஒரு ஸ்பெல்லுக்கு 6 ஓவர், நாளுக்கு 12, வாரத்தில் நாலு நாள், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் கூடாது. சனிக்கிழமையில் மட்டும் உங்கள் பையன் 14 போட்டிருக்கிறான்!

அந்த மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை எலும்பை ஒட்ட வைக்காது, 'நிறுத்து' என்று சொல்லும் ஒரே அறிகுறியை மறைக்கும், அவ்வளவுதான். எலும்புக்குள் வீக்கத்தோடு நிற்கும் காயம் முழு விரிசலாவது இப்படித்தான்.

செலக்‌ஷன் இந்த முறை இல்லை. எலும்பில் நீர் கோத்திருப்பதோடு நின்றிருந்தால் சுமார் இரண்டு மூன்று மாதம் பந்து போடக் கூடாது, விரிசல் விழுந்திருந்தால் ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். பையன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் பேட் கம்மின்ஸைச் சொல்லுங்கள். 2011-ல் 18 வயதில் முதல் டெஸ்ட் ஆடியவர், முதுகெலும்பு விரிசல் உள்ளிட்ட காயங்களால் அடுத்த டெஸ்டுக்கு 2017 வரை காத்திருந்தார். அப்புறம் ஆஸ்திரேலியாவுக்கே கேப்டன்.

திரும்பும்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள், பாதி ரன்-அப்பில் இரண்டு மூன்று ஓவரில் தொடங்கி, வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும். பந்துக் கணக்கை நீங்களே ஒரு நோட்டில் எழுதுங்கள், நெட்ஸில் போட்டதும் சேர்த்து. ஊர் மேட்ச்சில் போட்டது கோச்சுக்குத் தெரியாது, காலையில் போட்டது ஊர் கேப்டனுக்குத் தெரியாது. வலி திரும்பினால் அன்றே நிறுத்திவிட்டு ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போங்கள்.