புது பேட்டரியும் இறங்குகிறது: ஸ்டேட்டரா, ரெக்டிஃபையரா?

"கோத்தகிரியில் இருக்கேன். பைக்ல புது பேட்டரி போட்டும் அடிக்கடி இறங்கிடுது. மெக்கானிக் இன்னொண்ணு வாங்கச் சொல்றார். வாங்கலாமா?"

இப்போதைக்கு வாங்காதீர்கள். பேட்டரியை முழுசாகச் சார்ஜ் ஏற்றி மாட்டி, ஹெட்லைட் எரிய, 4000 ஆர்பிஎம்மில் அதன் முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 12.5-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவே இல்லை.

அப்படியானால் எஞ்சினை அணைத்து, ஸ்டேட்டரிலிருந்து, அதாவது எஞ்சினுக்குள் கரண்ட் உண்டாக்கும் காயிலிலிருந்து, வரும் சாக்கெட்டைக் கழற்றுங்கள். பெரும்பாலும் மூன்று மஞ்சள் வயர் இருக்கும். சாக்கெட்டுக்குள் இருக்கும் பின்கள் கருகியிருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். ஸ்டேட்டர் பக்க வயர் எதற்கும் எஞ்சின் பாடியோடு தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் காயில் போய்விட்டது. அப்புறம் வண்டியை ஸ்டார்ட் செய்து, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து இரண்டிரண்டு வயராக அளக்கவும். வெறும் கையால் தொட வேண்டாம், ஷாக் அடிக்கும். 50, 50, 50 என்று மூன்றும் சமமாக வந்து, முறுக்க முறுக்க ஏறினால் ஸ்டேட்டர் நல்லது. சந்தேகம், அந்த ஏசியை டிசியாக மாற்றி பேட்டரிக்கு அனுப்பும் ரெக்டிஃபையர் மேல்தான். 50, 22, 24 என்று வந்தால் காயில்.

இதை மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்த சூட்டோடு செய்யுங்கள். வார்னிஷ் உரிந்த காயில் குளிர்ந்திருக்கும்போது சரியாகவே காட்டும், சூடானால்தான் ஷார்ட் ஆகும்.

14 வோல்ட் ஒழுங்காக வந்தால், சாவியை அணைத்த பிறகும் கரண்ட் கசிகிறதா என்று தேடுங்கள். வெளியே மாட்டிய அலாரம், ஜிபிஎஸ் இருந்தால் முதலில் அவற்றைக் கழற்றிப் பாருங்கள்.