கம்பெனி பதிவாயிற்று, ஆனால் பேர் யாருடையது?

வணக்கம். போன மாதம் பாளையங்கோட்டையில் புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: பேர். அதனால் தனித்தனியாக எழுதாமல் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மெயில். கடைசியில் என் கட்டணம், போன் நம்பர் எதுவும் இருக்காது, தேட வேண்டாம். வக்கீல் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி.

அண்ணாச்சி, பிரைவேட் லிமிடெட் பதிவு பண்ணி சர்டிபிகேட்டும் வந்துட்டு. இனி இந்தப் பேரை வேற யாரும் வைக்க முடியாதுல்லா?

முடியும் தம்பி. கம்பெனிப் பதிவு ஒரு ஆபீஸ், டிரேட்மார்க் வேறொரு ஆபீஸ், சட்டமும் வேறு வேறு. கம்பெனி பதிவாளர் பேர் கொடுக்கும்போது ஏற்கெனவே இருக்கிற கம்பெனிப் பேர்களையும் டிரேட்மார்க்குகளையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் சில பேர்கள் தப்பி வந்துவிடும். அப்படி வந்த பேர் வேறொருவரின் பதிவான மார்க்கோடு ஒத்துப்போனால், உங்கள் கம்பெனி பதிவான நாளிலிருந்து 3 வருடத்துக்குள் அவர் மனு கொடுத்து உங்கள் பேரையே மாற்றச் சொல்ல முடியும். உத்தரவு வந்தால் 3 மாதத்தில் மாற்றியாக வேண்டும்.

நான் பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன், விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒருவர் 2017-லிருந்து வீட்டிலேயே கருப்பட்டி மிட்டாய் போட்டு ஒரு பேரில் விற்றுவந்தார். 2022-ல் கம்பெனி ஆக்கினார், டிரேட்மார்க்கைப் பற்றி நினைக்கவே இல்லை. அடுத்த வருடம் வெளியூரிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதே பேரை அங்கே ஒருவர் 2020-ல் பதிவுக்குக் கொடுத்து வாங்கியும் விட்டார், உடனே விற்பனையை நிறுத்துங்கள் என்று.

இவரைக் காப்பாற்றியது கம்பெனி சர்டிபிகேட் இல்லை. எதிராளி அந்தப் பேரைப் பயன்படுத்தத் தொடங்கியதற்கும் பதிவுக்குக் கொடுத்ததற்கும் முன்பிருந்தே ஒருவர் அதைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்திருந்தால், அவரைத் தடுக்க முடியாது என்கிறது டிரேட்மார்க் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. ஆனால் காட்ட வேண்டுமே! வீடு முழுக்கத் தேடி, சிவகாசி பிரஸ்ஸில் லேபிள் அடித்த 2017 பில் ஒன்றை எடுத்தார். பில்லில் ‘லேபிள் 5000’ என்று மட்டும் இருந்தது, பேரைக் காணோம். நல்லவேளை, பிரஸ்காரர் மாதிரி லேபிள் ஒன்றை அந்தப் பில்லோடு பின் அடித்துக் கொடுத்திருந்தார், பின் துருப்பிடித்து லேபிளில் கறையே விழுந்திருந்தது. அதோடு வருடா வருடம் கடைகளுக்குப் போட்ட பில்களும் சேர்ந்து அவரை நிற்க வைத்தன. இன்றும் விற்கிறார். ஆனால் அந்தப் பேரைத் தன் பேரில் பதிவு செய்யப் போனால் எதிராளியின் பதிவு குறுக்கே நிற்கிறது, சமரசம் பேசிக்கொண்டிருக்கிறோம். முதல் வருடமே தனி ஆளாக ஆன்லைனில் விண்ணப்பித்திருந்தால் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு வகைச் சரக்குக்கு, அரசுக் கட்டணம் 4,500 ரூபாயோடு முடிந்திருக்கும்.

அதனால் லேபிள் பில், முதல் விற்பனை பில், முதல் விளம்பர நோட்டீஸ், இவற்றில் உங்கள் பிராண்ட் பேரும் தேதியும் தெரிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பிரஸ்காரரிடம் பில்லிலேயே பேரை எழுதச் சொல்லுங்கள்.

‘நெல்லை கருப்பட்டி காபி’ன்னு டிரேட்மார்க் எடுக்கலாமா? (வள்ளியூரிலிருந்து)

கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நெல்லை ஊர், கருப்பட்டி சரக்கு, காபியும் சரக்கு. இதில் உங்களுடையது என்று எந்தச் சொல்லும் இல்லை. நாளைக்கு டவுனில் இன்னொருவர் இதையே விற்றால் அவரும் இதே சொற்களைத்தானே எழுதியாக வேண்டும்? அதனால்தான் பொருளையும் ஊரையும் சொல்லும் பேர்களை ஒருவருக்கு மட்டும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள். பல வருடம் விற்று, ஜனங்கள் அந்தப் பேரைக் கேட்டாலே உங்களை மட்டும் நினைக்கிற நிலை வந்துவிட்டால் வாதாடலாம், புதுக் கடைக்கு அது ஆகாது.

சரக்குக்குச் சம்பந்தமில்லாத சொல்லாகப் பிடியுங்கள். ‘தும்பி’ என்று காபிக்கு வைத்தால் அது வலுவான பேர். (உதாரணத்துக்குச் சொன்னேன், யாராவது வைத்திருக்கிறார்களா என்று பார்க்கவில்லை!) பிடித்த பேரை ipindia.gov.in தளத்தில் தேடும்போது Thumbi, Tumbi, Thumpi என்று வாயில் வருகிற எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள், அங்கே உச்சரிப்பை வைத்துத் தேடவும் வசதி இருக்கிறது. எழுத்து வேறாக இருந்தாலும் காதில் ஒரே மாதிரி விழுந்தால் ஆட்சேபம் வரும். காபிப் பொடியும் மிட்டாயும் 30-ஆம் வகுப்பு, ஊறுகாயும் எண்ணெயும் 29, கடை வைத்துக் காபி ஆற்றிக் கொடுத்தால் அது 43. ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கட்டணம், எனவே இப்போது விற்பதற்கு மட்டும் எடுங்கள்.

அப்புறம் ஒன்று, உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வேறு ஊர்க் கருப்பட்டியை வாங்கி அந்தப் பேரை லேபிளில் போட்டால் அது தனி வம்பு.

விண்ணப்பத்தின் நிலை Objected என்று காட்டுகிறது. பணம் போச்சா சார்?

போகவில்லை. டிரேட்மார்க் ஆபீஸ் பரிசோதகர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், அவ்வளவுதான், பாதிக்கு மேல் நான் பார்க்கிற விண்ணப்பங்களில் இது வருகிறது. அந்தக் கேள்வி இருக்கும் அறிக்கை கைக்கு வந்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் பதில் போட வேண்டும், போடாமல் விட்டால்தான் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகும். மெயிலில் வரும், ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். Opposed என்று காட்டினால்தான் கதை வேறு. டிரேட்மார்க் ஆபீஸின் பத்திரிகையில் உங்கள் பேர் வெளியான பிறகு 4 மாதத்துக்குள் வெளியாள் ஒருவர் எதிர்ப்புப் போட்டிருக்கிறார் என்று பொருள், அதற்கு வக்கீல் வேண்டும்.

நான் ஒரே ஆள், மாச விற்பனை 40 ஆயிரம். கம்பெனி ஆரம்பிக்கலாமா?

இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. கம்பெனி தொடங்குவது எளிது, 15 லட்சம் மூலதனம் வரை பதிவுக் கட்டணம்கூட இல்லை, முத்திரைத் தீர்வையும் சில்லறைச் செலவும்தான். வருடா வருடம் நடத்துவதுதான் பாடு. விற்பனையே இல்லாவிட்டாலும் ஆடிட்டர் வேண்டும், கணக்கும் ஆண்டறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும், தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். முதலீடு போட வெளியாள் வரும்போதோ கூட்டாளி சேரும்போதோ பார்த்துக்கொள்ளலாம். டிரேட்மார்க்கை இப்போதே உங்கள் பேரில் எடுங்கள். பின்னால் கம்பெனி ஆகும்போது எழுத்துமூலம் அதற்கு மாற்றிக் கொடுத்து அதையும் பதிவு செய்துவிடலாம். ஒன்று மட்டும், மச்சான் பேரில் எடுக்காதீர்கள். விண்ணப்பத்தில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் முதலாளி.

பேருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் R போடலாமா?

பதிவுச் சான்று வந்த பிறகு மட்டும். அதற்கு முன்னால் போடுவது சட்டப்படி தவறு. அதுவரை TM என்று சின்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள், அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.