"டாக்குமெண்ட்ஸ் வந்ததும் மீதி" என்கிறார் வெளிநாட்டு பையர்: நம்பலாமா?

கேள்வி: கரூரில் கிச்சன் டவல் தயாரிக்கிறேன். போலந்தில் இருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் தொடர்ந்து பேசி வருகிறார். ஜி.எஸ்.எம். எவ்வளவு, துவைத்தால் எவ்வளவு சுருங்கும், மாட்டும் லூப் எந்த மூலையில் வரும் என்றெல்லாம் கேட்கிறார். சாம்பிளை அனுப்புங்கள், கூரியர் செலவை முதல் ஆர்டரில் கழித்துக்கொள்ளலாம் என்றார். ஆர்டர் 20,000 துண்டுகள், ஒன்று 0.85 டாலர், தூத்துக்குடி எஃப்.ஓ.பி. "30 சதவீதம் அட்வான்ஸ், மீதி டாக்குமெண்ட்ஸ் வந்ததும்" என்று எழுதியவர், இப்போது "60 நாள் டைம் கொடுத்தால் ஆர்டரைப் பெரிதாக்குகிறேன்" என்கிறார். அவருடைய லேபிளைத் தைத்துத் தர வேண்டுமாம். நம்பி இறங்கலாமா? (கரூர் வாசகர்)

பதில்: சாம்பிளை இலவசமாகக் கேட்டார் என்பதற்காக மட்டும் அவரைச் சந்தேகிக்க வேண்டாம், ஐரோப்பாவில் சிறிய அளவில் இறக்குமதி செய்பவர்களில் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். கூரியர் நிறுவனத்தில் தனக்குள்ள கணக்கு எண்ணைக் கொடுத்து, செலவைத் தன் பெயரில் போடச் சொல்பவர் கூடுதல் நம்பிக்கைக்கு உரியவர் என்பது உண்மைதான். ஆனால், சாம்பிள் போய்ச் சேர்ந்த பிறகு அவர் என்ன எழுதுகிறார் என்பதில்தான் ஆர்வத்தின் உண்மை தெரியும். உண்மையில் விற்கப் போகிறவர் துண்டைத் துவைத்துப் பார்த்து, "நீளத்தில் இவ்வளவு சுருங்கியது, ஓரத் தையல் பிரிகிறது, சிவப்புச் சாயம் இறங்குகிறது" என்று குறை சொல்வார். "குவாலிட்டி சூப்பர், உடனே இன்வாய்ஸ் அனுப்புங்கள்" என்று ஒரே வரியில் முடிப்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை. லூப் வரும் மூலையைக் கேட்கிறவர் துண்டைக் கடையில் மாட்டி விற்பதைப் பற்றி யோசித்திருக்கிறார் என்பதால், இந்த வகையில் உங்கள் பையர் எனக்கு நல்லவராகவே தெரிகிறார்.

பேமெண்ட் வரியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. "டாக்குமெண்ட்ஸ் வந்ததும் மீதி" என்பதற்கு நடைமுறையில் மூன்று அர்த்தங்கள் உண்டு, மூன்றிலும் உங்கள் நிலை வேறு. சரக்கை எடுக்கத் தேவையான கப்பல் ஆவணமான பில் ஆஃப் லேடிங்கின் ஸ்கேன் பிரதியை நீங்கள் அனுப்ப, அதைப் பார்த்து அவர் பணம் போட, அதன் பிறகே அசலைக் கூரியரில் அனுப்புவது முதல் அர்த்தம். பணம் வரும்வரை அசல் உங்கள் கையில் இருக்கும். அசல் ஆவணங்கள் உங்கள் வங்கி வழியாக அவருடைய வங்கிக்குப் போய், பணம் கட்டினால் மட்டும் அவர் கைக்குக் கிடைப்பது இரண்டாவது, இதைத்தான் டி.பி. என்கிறோம். இதில் அவருடைய வங்கி ஆவணங்களைக் காத்துத் தருமே தவிர, அவர் கட்டாவிட்டால் தானே பணம் தரும் பொறுப்பு அதற்கு இல்லை. அசலை நேரடியாக அவருக்கே அனுப்பிவிட்டு, அவர் பணம் அனுப்புவார் என்று காத்திருப்பது மூன்றாவது அர்த்தம். அதை ஒப்புக்கொண்டால் மீதி 70 சதவீதத்தை நீங்கள் கடனாகக் கொடுத்துவிட்டதாகவே பொருள். ஆகவே, எந்த டாக்குமெண்ட், யார் வழியாக, அசலா பிரதியா, எத்தனை வேலை நாளுக்குள் பணம் என்ற நான்கையும் ஒரே செய்தியில் கேளுங்கள். நேர்மையான பையர் இதற்கு ஒரே பதிலில் தெளிவு தருவார். "டோன்ட் வொரி மை ஃப்ரெண்ட்" என்று வந்தால் அந்தப் பேச்சு அத்துடன் நிற்கட்டும்.

அசல் பில் ஆஃப் லேடிங் கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். 20,000 துண்டுகள் ஒரு முழு கண்டெய்னரை நிரப்பாது. பிறர் சரக்கோடு சேர்த்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். அப்போது கப்பல் நிறுவனத்தின் பில்லுக்குப் பதிலாக, சரக்கு அனுப்பும் முகவரின் ஹவுஸ் பில்தான் உங்களுக்குக் கிடைக்கும். எஃப்.ஓ.பி., அதாவது கப்பலில் ஏற்றும்வரை மட்டுமே உங்கள் செலவு என்பதால் அந்த முகவரைத் தேர்ந்தெடுப்பவரும், கட்டணம் கொடுப்பவரும் பையர். அவருக்கு வேண்டிய முகவர், அசலைக் கேட்காமலே அங்கே சரக்கை ஒப்படைத்துவிட்டால், உங்கள் அலமாரியில் உள்ள மூன்று அசல்களையும் வைத்துக்கொண்டு வழக்குத்தான் போட வேண்டும். அவர் சொல்லும் முகவருக்கு இந்தியாவில் பதிவு பெற்ற அலுவலகம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலை கொடுத்து, முகவரை நீங்களே தேர்ந்தெடுங்கள். அவசரம் என்று விமானத்தில் அனுப்பச் சொன்னாலும் கவனம் தேவை. ஏர்வே பில் சரக்கின் உரிமை ஆவணம் அல்ல என்பதால், பெறுநராகக் குறிக்கப்பட்டவர் அது கையில் இல்லாமலே சரக்கை எடுத்துவிடலாம்.

உங்கள் கேள்வியில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது லேபிள்தான். ஆர்டரின் மதிப்பு 17,000 டாலர். உங்கள் தயாரிப்புச் செலவு 14,500 டாலர் என்றும், பையர் சரக்கை எடுக்காவிட்டால் திரும்பக் கொண்டுவர 1,500 டாலர் ஆகும் என்றும் வைத்துக்கொள்வோம். லேபிள் இல்லாத துண்டை வேறொருவருக்கு 70 சதவீத விலைக்குத் தள்ளிவிட முடிந்தால் 11,900 டாலர் தேறும். இழப்பு 4,100 டாலர். கையில் உள்ள 5,100 டாலர் அட்வான்ஸ் அதைத் தாங்கிவிடும். அவர் பெயர் தைத்த துண்டை 45 சதவீதத்துக்குத்தான் விற்க முடியும் என்றால் 7,650 டாலரே தேறும். இழப்பு 8,350 டாலர் ஆகிறது, அட்வான்ஸ் போக 3,250 டாலர் உங்கள் கையை விட்டுப் போகும். எனவே லேபிள் வேண்டுமென்றால் அட்வான்ஸ் 50 சதவீதம், அதாவது 8,500 டாலர் என்று கேளுங்கள். அது முடியாதென்றால் லேபிளைத் தைக்காமல், கட்டாகத் தனியே அனுப்புகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். செலவும் தள்ளுபடி விகிதமும் நான் வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களைப் போட்டு, நூல் வாங்கும் முன் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஆளைச் சரிபார்ப்பது போலந்து விஷயத்தில் எளிது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறக்குமதி செய்பவருக்கு ஈ.ஓ.ஆர்.ஐ. என்ற சுங்கப் பதிவு எண் இருக்க வேண்டும். அதையும் வாட் எண்ணையும் கேட்டு வாங்கி, ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிச் சோதிக்கலாம். நிறுவனமாக இருந்தால் போலந்தின் கே.ஆர்.எஸ். என்ற பதிவேட்டில் இயக்குநர்களின் பெயரும் கிடைக்கும். ஆனால் எண் உண்மையானது என்பதும், அந்த எண்ணுக்கு உரியவர்தான் உங்களிடம் பேசுகிறார் என்பதும் ஒன்றல்ல. உண்மையான நிறுவனத்தின் பெயரில் வேறொருவர் ஆர்டர் எடுப்பது பழைய தந்திரம். ஆகவே வாட்ஸ்அப் எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள தொலைபேசிக்கு அழைத்து, இந்த ஆர்டரைப் பற்றிக் கேளுங்கள். இறக்குமதி அனுமதிக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம் என்று எதற்காகவாவது உங்களிடம் அவர் பணம் கேட்டால் மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டாம்.

60 நாள் அவகாசத்தை முதல் ஆர்டரில் தராதீர்கள். விலையும் அளவும் பேசி முடிந்த பிறகு வரும் கடன் கோரிக்கை, பெரிய ஆர்டர் என்ற ஆசையைக் காட்டியே வருகிறது. 2 அல்லது 3 முறை சரக்கு போய்ப் பணம் ஒழுங்காக வந்த பிறகு அவர் மீண்டும் கேட்டால், ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யிடம் அவர் பெயரில் கடன் வரம்பு கேட்டு விண்ணப்பியுங்கள்; அவர்கள் தரும் வரம்புக்கு மேல் ஒரு டாலரும் கடனாகப் போக வேண்டாம். பையர் திவாலானாலோ பணம் கட்டாமல் இழுத்தடித்தாலோ அந்தக் காப்பீடு உதவும். "தரம் சரியில்லை" என்று அவர் தகராறு எழுப்பினால், நீதிமன்றத்தில் உங்கள் பக்கம் தீர்ப்பு வரும்வரை பொதுவாக இழப்பீடு கிடைக்காது. அதனால்தான் அவர் ஒப்புக்கொண்ட சாம்பிளில் ஒன்றை இருவரும் கையெழுத்திட்டு, தேதியோடு சீல் வைத்து உங்களிடம் வைத்திருங்கள். சுருங்கும் அளவுக்கு எத்தனை சதவீதம் வரை ஏற்பு என்பதையும் புரோஃபார்மா இன்வாய்ஸிலேயே எழுதிவிடுங்கள்.