ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எச்.ஆருக்கு விளக்கம் எழுதாதீர்கள்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். முந்தைய வீட்டில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் வேலை செய்யவில்லை, ஓனர் கண்டுகொள்ளவே இல்லை, வெறுத்துப்போய் 2 மாத வாடகையை நிறுத்தினேன். அவர் எவிக்‌ஷன் கேஸ் போட்டார். நான் காலி செய்ததும் கேஸ் தள்ளுபடி ஆனது. அப்புறம் 2,400 டாலர் பாக்கி என்று கலெக்‌ஷன் ஏஜென்சிக்குக் கொடுத்துவிட்டார். என் 1,500 டாலர் டெபாசிட்டையும் திருப்பித் தரவில்லை. இப்போது புது வீடு தர மறுத்துவிட்டார்கள். கணக்குப் பிரிவில் கிடைத்த வேலைக்கும், கிரெடிட் ரிப்போர்ட் நகலை இணைத்து, பதில் சொல்ல 5 வேலை நாள் என்று கடிதம் வந்திருக்கிறது. என் ஸ்கோர், பேங்க் பேலன்ஸ், கணவரின் கடன், கோர்ட் கேஸ் எல்லாவற்றையும் பார்த்திருப்பார்கள். நடந்ததை முழுதாக எழுதி எச்.ஆருக்கு அனுப்பப் போகிறேன். பழைய ஓனர் மேல் கேஸ் போட முடியுமா?

பதில்: அந்த மெயிலை அனுப்பாதீர்கள். ஹீட்டர் விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கமே இருக்கலாம், ஆனால் இந்த 5 நாளில் அதை யாரும் விசாரிக்கப் போவதில்லை. முதலில் கடிதத்தோடு வந்த நகலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். அவர்கள் முடிவெடுக்கப் போவது அந்தத் தாள்களை வைத்துத்தான், அதனால்தான் வேலையை மறுப்பதற்கு முன்பே நகலைத் தர வேண்டும் என்று ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டம் வைத்திருக்கிறது.

படித்தால் நீங்கள் பயந்ததில் பாதி அதில் இருக்காது. வேலை கொடுப்பவருக்குப் போகும் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஸ்கோர் இருக்காது, பிறந்த தேதியும் இருக்காது, கணக்கு எண்கள் முழுதாகத் தெரியாது. பேங்கில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், எவ்வளவு சம்பளம் வாங்கினீர்கள் என்பது எந்த கிரெடிட் ரிப்போர்ட்டிலும் வருவதில்லை. கணவரின் கடன் அவருடைய ஃபைலில் இருக்கும், இரண்டு பேர் பெயரிலும் எடுத்த கடனோ, அவருடைய கார்டில் உங்கள் பெயரையும் சேர்த்திருந்தால் அதுவோதான் உங்களுடையதில் தெரியும். அவர்கள் பார்ப்பது எந்தக் கடன், எவ்வளவு பாக்கி, எந்த மாதம் தாமதமாகக் கட்டினீர்கள், கலெக்‌ஷனுக்குப் போனது எது, திவால் மனு உண்டா என்பவை. இப்படிப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

கோர்ட் கேஸ்தான் இங்கே முக்கியம். பெரிய 3 கிரெடிட் நிறுவனங்களும் சிவில் தீர்ப்புகளை 2017-லேயே தங்கள் ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிட்டன, எவிக்‌ஷன் கேஸும் அதில் வருவதில்லை. அது வருவது வீட்டு ஓனர்கள் வாங்கும் வாடகைதாரர் ரிப்போர்ட்டில், அதைத் தயாரிக்கும் நிறுவனங்கள் கோர்ட் பதிவுகளை நேராக எடுத்துச் சேர்க்கின்றன. ஆக எச்.ஆர். கையில் இருப்பது பெரும்பாலும் 2,400 டாலர் கலெக்‌ஷன் என்ற ஒரே வரி. நீங்கள் 'எவிக்‌ஷன் கேஸ் தள்ளுபடி ஆகிவிட்டது' என்று எழுதினால், அவர்களுக்குத் தெரியாத கேஸை நீங்களே போய்ச் சொன்னதாகிவிடும். சில நிறுவனங்கள் கோர்ட் தேடலையும் சேர்த்து வாங்கும், அதனால்தான் நகலை வரி வரியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

இதில் மாட்டிய ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய ரிப்போர்ட்டில் இருந்தது இரண்டு மாதம் தாமதமாகக் கட்டிய ஒரு கார்டு, அவ்வளவுதான். மனிதர் பதறிப்போய் இரண்டு பக்கத்துக்கு மெயில் எழுதினார், மனைவியின் ஆஸ்பத்திரிக் கடன், அதற்காகத் தன் மேல் வந்த வழக்கு, எல்லாம். விண்ணப்பத்தில் 'உங்கள் மேல் எப்போதாவது சிவில் வழக்கு இருந்ததா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் செய்திருந்தார். வேலை போனது, ஆனால் கிரெடிட்டைக் காரணம் காட்டி இல்லை, விண்ணப்பத்தில் தவறான பதில் கொடுத்ததற்காக. அந்தக் காரணத்தை இந்தச் சட்டத்தை வைத்து என்னால் அசைக்கவே முடியவில்லை. நீங்களும் இன்றே உங்கள் விண்ணப்பத்தை எடுத்து, வழக்கு பற்றிய கேள்வி இருந்ததா, என்ன எழுதினீர்கள் என்று பாருங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை, கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். கேட்காததை வலியப் போய் எழுதாதீர்கள் என்கிறேன். தவறாக எழுதியிருந்தால் எச்.ஆரிடம் பேசும் முன் அந்த ஃபாரத்தோடு உங்கள் ஊர் வக்கீலைப் பாருங்கள்.

அடுத்து, ரிப்போர்ட்டில் இருப்பது தவறு என்று தகராறு எழுப்புவது. இங்கேயும் வழுக்கி விழுகிறார்கள். கோபத்தில் 'இது என் கடனே இல்லை' என்று எழுதிவிடுவார்கள். கலெக்‌ஷன் ஏஜென்சி லீஸை எடுத்துக் காட்டினால் அது 'சரிபார்க்கப்பட்டது' என்று முடிந்துவிடும், அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மைக்கும் மதிப்பு இருக்காது. கடன் உங்களுடையதுதான், தவறு தொகையில் இருக்கிறது. 2,400-ல் ஓனர் வைத்துக்கொண்ட 1,500 டெபாசிட்டைக் கழித்தால் 900. லீஸ், டெபாசிட் கட்டிய ரசீது, காலி செய்தபோது ஓனர் கணக்கு ஏதும் கொடுத்திருந்தால் அது, இவற்றோடு ரிப்போர்ட் தயாரித்த நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அந்த நிறுவனத்தின் பெயர் நகலிலேயே இருக்கும். வேறு எங்கோ புகார் செய்துவிட்டு இவர்களை விட்டுவிட்டால் எச்.ஆர். பார்க்கும் தாள் மாறாது. ரிப்போர்ட் நிறுவனம் பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும்.

எச்.ஆருக்கு இரண்டு வரி போதும்: 'கலெக்‌ஷன் கணக்கில் காட்டியிருக்கும் தொகை தவறு, டெபாசிட் கழிக்கப்படவில்லை. ரிப்போர்ட் நிறுவனத்திடம் இன்ன தேதியில் தகராறு கொடுத்திருக்கிறேன், முடிவு வரும்வரை காத்திருக்கக் கோருகிறேன்.' காத்திருக்கத்தான் வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்குக் கிடையாது. சட்டத்தில் 5 நாள் என்று எண்ணும் இல்லை, நியாயமான அவகாசம் தர வேண்டும், நடைமுறையில் 5 வேலை நாள். கலிஃபோர்னியா, இல்லினாய் போன்ற சில மாநிலங்களில் பெரும்பாலான வேலைகளுக்கு கிரெடிட் பார்க்கவே தடை உண்டு, ஆனால் பணம் கையாளும் வேலைகளுக்கு அங்கெல்லாம் விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள், நீங்கள் போவது கணக்குப் பிரிவு. அதை நம்பி இருக்காதீர்கள்.

வீட்டைப் பொறுத்தவரை, ஓனர் ஸ்கோரைப் பார்க்கலாம், எவிக்‌ஷன் கேஸையும் பார்க்கலாம், மறுக்கும் முன் நகல் தர வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. மறுத்த பிறகு எந்த நிறுவனத்தின் ரிப்போர்ட் என்று சொல்ல வேண்டும், ஸ்கோரை வைத்து முடிவெடுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். வீடு தருகிறேன் ஆனால் டெபாசிட் கூடுதலாக வேண்டும் என்று கேட்டாலும் இதே கடமை உண்டு. அவர் சொல்லும் நிறுவனத்திடம் 60 நாளுக்குள் கேட்டால் நகல் இலவசம். அதில் 'கேஸ் தாக்கல்' என்று மட்டும் இருந்து 'தள்ளுபடி' என்பது விடுபட்டிருந்தால், கோர்ட் உத்தரவின் நகலை அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். அந்த வீடு போனது போனதுதான், அடுத்த விண்ணப்பம் போடும் முன் இதை முடித்துவிடுங்கள்.

பழைய ஓனர் மேல் கேஸ் போட வேண்டாம். போட்டால் அவர் 2 மாத வாடகையைத் திரும்பக் கேட்பார், கோர்ட் பதிவில் உங்கள் பெயர் இன்னொரு முறை ஏறும், அடுத்த வீட்டு ஓனரும் அதைப் பார்ப்பார். 900 டாலரைக் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பணம் கொடுக்கும் முன் ஏஜென்சியிடம் எழுத்தில் வாங்குங்கள்: இது முழுத் தீர்வு, பாக்கி பூஜ்ஜியம், ரிப்போர்ட்டிலிருந்து நீக்கக் கோருவோம் என்று. நீக்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை, அதனால் பணம் உங்கள் கையில் இருக்கும்போதே பேசுங்கள். கோர்ட் பதிவை மூடி வைக்க உங்கள் மாநிலத்தில் வழி இருந்தால், அதற்கு ஓனரின் சம்மதக் கையெழுத்தையும் இதே பேச்சில் வாங்கிவிடுங்கள்.