தேதி மாற்றக் கட்டணம் 6,000 என்று போட்டுவிட்டு 20,000 கேட்பது ஏன்?

கேள்வி: அப்பா அம்மா சென்னை–லண்டன் ரிட்டர்ன் டிக்கெட்டில் போயிருக்கிறார்கள். ஆன்லைன் தளம் ஒன்றில் எடுத்தது. திரும்பும் தேதியைப் பத்து நாள் தள்ளி ஒரு சனிக்கிழமைக்கு மாற்றக் கேட்டேன். டிக்கெட்டில் தேதி மாற்றக் கட்டணம் 6,000 என்று இருக்கிறது. இப்போது ஆளுக்கு 20,000, மொத்தம் 40,000 கேட்கிறார்கள். இது ஏமாற்றா?

ஏமாற்று இல்லை. ஆனால் அந்த 40,000-ஐ அப்படியே கட்டிவிடாதீர்கள், குறைக்க வழி இருக்கிறது. டிக்கெட் போடும் வேலையில் இருக்கிறேன். இதே கேள்வியோடு வருகிறவர்கள் எல்லோரும் கட்டணத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். காசு போவதோ இன்னொரு இடத்தில்.

டிக்கெட்டோடு வந்த ஃபேர் ரூல்ஸைத் திறந்து பாருங்கள். மாற்றம் பற்றிய பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
CHANGES
CHARGE INR 6000 FOR REISSUE/REVALIDATION.
CHARGE INR 12000 FOR NO-SHOW.
```

அந்த 6,000, மாற்றுவதற்கான அனுமதிக் காசு மட்டும்தான். ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு முறையும் உண்டு. புதிய தேதியில் சீட் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பது வேறு கணக்கு. அதைத்தான் ஃபேர் டிஃபரன்ஸ் என்கிறார்கள். "தேதி மாற்றம் இலவசம்" என்று விற்கிற டிக்கெட்டிலும் இந்த வித்தியாசம் உண்டு. முதல் கட்டணம்தான் பூஜ்யம், இரண்டாவது அல்ல.

சரி, அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? எகானமியில் எல்லா சீட்டும் ஒரே மாதிரி இருந்தாலும், உள்ளே அவற்றைப் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆங்கில எழுத்து. உங்கள் இ-டிக்கெட்டில் Class என்பதற்கு எதிரே இருக்கும். உங்களுடையது Q என்று வைத்துக்கொள்வோம். எந்த எழுத்து எந்த விலை என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மலிவான படி தீர்ந்ததும் அடுத்த படி விலைக்குத்தான் விற்பார்கள்.

உங்கள் டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணம் 44,000. போக 21,000, திரும்ப 23,000 என்று ஓர் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட சனிக்கிழமை Q தீர்ந்துவிட்டது, M மட்டும் இருக்கிறது. M-இல் திரும்பும் பாதி 37,000. வித்தியாசம் 14,000. அதோடு 6,000. ஆளுக்கு 20,000 வந்துவிட்டதா? விமான நிலைய வரிகளில் மாற்றம் இருந்தால் அதையும் கூட்டுவார்கள்; அது பெரும்பாலும் சிறிய தொகைதான்.

ஆக, "இவ்வளவு ஏன்?" என்று சண்டை போடுவதில் பயனில்லை. "Q எந்தத் தேதியில் இருக்கிறது?" என்று கேளுங்கள். எங்கள் திரையில் ஒரு நாளைக்கு M4 Q0, மறுநாள் M9 Q1, அதற்கடுத்த நாள் Q4 என்று தெரியும். எழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது அந்த விலையில் மிச்சம் உள்ள சீட்டின் எண்ணிக்கை; 9 என்றால் ஒன்பதோ அதற்கு மேலோ. Q4 இருக்கும் நாளுக்கு மாற்றினால் வித்தியாசமே இல்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து 12,000-இல் முடிந்துவிடும். வார இறுதியை விட்டுவிட்டு செவ்வாய், புதன் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

Q1 இருக்கும் நாளில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே PNR-இல் இருந்தால், சிஸ்டம் இரண்டு சீட்டும் உள்ள படியைத் தேடும். Q-வில் ஒன்றுதான் இருப்பதால் இருவரையும் M-க்குத் தள்ளிவிடும். நீங்கள் 40,000 கட்டுவீர்கள். PNR-ஐப் பிரித்து ஒருவரை Q-விலும் மற்றவரை M-இலும் போட்டால் 6,000 + 20,000, ஆக மொத்தம் 26,000. இணையதளம் இதைத் தானாகச் செய்யாது. ஆளிடம் பேசித்தான் கேட்க வேண்டும். வயதானவர்கள் என்பதால் இரண்டு PNR-களும் சேர்ந்து பயணிப்பவை என்று குறிப்புப் போடச் சொல்லுங்கள், வீல்சேர் கேட்டிருந்தால் இரண்டிலும் மறுபடி இருக்கிறதா என்று பாருங்கள்.

Q இருந்தும் தர மறுத்தால், அதிகபட்சத் தங்கல் விதியைப் பாருங்கள். மலிவான கட்டணங்களில் "மூன்று மாதத்துக்குள் திரும்ப வேண்டும்" என்பது போல ஒரு வரம்பு இருக்கலாம். புதிய தேதி அதைத் தாண்டினால் சீட் இருந்தாலும் அந்த விலை பொருந்தாது. பத்து நாள் தள்ளும்போது சிலர் மாட்டுவது இங்கேதான்.

அவர்கள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது உங்களுக்கு ஒருவகையில் நல்லது. பயணம் தொடங்கிய பிறகு மாற்றினால், பல விமான நிறுவனங்கள் நீங்கள் டிக்கெட் எடுத்த நாளில் இருந்த கட்டணப் பட்டியலை வைத்தே கணக்குப் போடும். படி மட்டும் இன்றைய நிலவரப்படி. கிளம்புவதற்கு முன்பே மாற்றினால், பெரும்பாலும் போகும் பாதியையும் சேர்த்து முழு டிக்கெட்டையும் இன்றைய விலையில் மறுகணக்குப் போடுவார்கள். அதற்காக, இன்னும் கிளம்பாதவர்கள் "போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று வேண்டுமென்றே காத்திருப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதற்குள் மலிவான படி காலியாகிவிடும். புதிய தேதி மலிவாக இருந்தால் மிச்சம் திரும்ப வருமா என்றும் கேட்பார்கள். மலிவு டிக்கெட்டுகளில் அநேகமாக வராது.

பணம் கட்டும் முன் இன்னொன்று பாருங்கள். பழைய தேதி விமானத்தின் நேரத்தை விமான நிறுவனமே மாற்றி ஏதாவது மெயில் அனுப்பியிருக்கிறதா? கணிசமாக மாற்றியிருந்தால் அவர்கள் விதிப்படி கட்டணமில்லாமல் வேறு தேதி கேட்க வாய்ப்பு உண்டு. இதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஆன்லைன் தளத்தில் எடுத்ததால் அவர்களுடைய சேவைக் கட்டணம் தனியாக வரும். கேட்ட 40,000-இல் அதுவும் சேர்ந்திருக்கிறதா, எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் பயணம் முடிந்துவிட்ட டிக்கெட்டைச் சில விமான நிறுவனங்கள் நேரடியாகவே மாற்றித் தரும், அங்கேயும் ஒரு விலை கேளுங்கள்.

எது முடிவானாலும் பழைய விமானம் கிளம்புவதற்கு முன் செய்துவிடுங்கள். விட்டுவிட்டால் நோ-ஷோ; மேலே இருக்கிற அந்த 12,000-தான் பேசும். சில டிக்கெட்டுகளில் அதற்குப் பிறகு மாற்றவே முடியாது.

மாற்றிய பிறகு புதிய தேதி போட்ட பயணத் திட்டம் மெயிலில் வரும். அதை மட்டும் நம்பி அப்பா அம்மாவை ஏர்போர்ட்டுக்கு அனுப்பாதீர்கள். PNR-இல் தேதி மாறியும் டிக்கெட்டை மறுபடி வழங்காமல் விட்டிருந்தால், செக்-இன் கவுண்டரில் "டிக்கெட் இல்லை" என்பார்கள். வித்தியாசம் கட்டி மாற்றிய டிக்கெட்டுக்குப் பொதுவாக 13 இலக்கத்தில் புதிய எண் வரும். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு. பழைய எண்ணே நிற்கிறது என்றால், பணம் கட்டிய அன்றே விமான நிறுவனத்துக்குப் போன் போட்டு, புதிய தேதிக்கு டிக்கெட் கூப்பன் ஓப்பனாக, அதாவது பயணத்துக்குச் செல்லுபடியாக இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.