கிரானா கரானாவும் மூன்று வகைக் கோடுகளும்

இசைச் சமூகவியல் கட்டுரைக்கு ஹிந்துஸ்தானி இசைப் பரம்பரைகளில் ஒன்றான கிரானா கரானாவை எடுத்திருக்கிறேன். அப்துல் கரீம் கானிலிருந்து பீம்சேன் ஜோஷி வரை குரு-சிஷ்ய மரம் வரைந்து கொடுத்தேன். “இது வம்சாவளி, சமூகவியல் எங்கே?” என்று வழிகாட்டி திருப்பிவிட்டார். எப்படித் திருத்துவது?

உங்கள் மரத்தில் எல்லாக் கோடும் ஒரே மாதிரி இருக்கும். அங்கேதான் சிக்கல். கோடுகளை மூன்றாகப் பிரித்து வரையுங்கள்: ரத்த உறவு, தாலீம் (எதிரே உட்கார்ந்து பெற்ற பயிற்சி), கேள்வி ஞானம். மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று படியாத இடங்களில்தான் நீங்கள் எழுத வேண்டிய சமூகம் இருக்கிறது.

முதலில் ஹீராபாய் படோதேகரைப் பாருங்கள். அவர் அப்துல் கரீம் கானின் மகள். பெற்றோர் பிரிந்தபோது தாய் தாராபாய் பிள்ளைகளைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். பிள்ளைகளின் பெயர்களும் மாறின. அப்துல் ரஹ்மானாக இருந்த அண்ணன் சுரேஷ்பாபு மானே ஆனார். ஹீராபாய்க்கு முக்கியத் தாலீம் கொடுத்தவர் தந்தையின் உறவினரான அப்துல் வாஹித் கான். ஆக, ரத்தக் கோடு ஒருவரிடமிருந்து வருகிறது, தாலீம் கோடு இன்னொருவரிடமிருந்து. ‘தந்தையிடமிருந்து மகளுக்கு’ என்று ஒற்றை அம்புக்குறி போட்டால் ஒரு குடும்பம் பிரிந்ததும், பெயர் மாற்றத்துக்குப் பின்னால் இருந்த மதமும், பெண்ணுக்குப் பாட்டு வேறு வழியாக வந்து சேர்ந்ததும் அந்தக் கோட்டுக்கடியில் புதைந்துவிடும்.

அடுத்தது ஹூப்ளிக்குப் பக்கத்து ஊரான குந்த்கோல். அங்கே அப்துல் கரீம் கானின் சிஷ்யர் சவாய் கந்தர்வரிடம் பீம்சேனும் கற்றார், கங்குபாய் ஹானகலும் கற்றார். தாலீம் கோடு இருவருக்கும் ஒன்றுதான், ஆனால் கிடைத்த விதம் ஒன்றல்ல. பீம்சேன் குருவின் வீட்டிலேயே தங்கி எடுபிடி வேலை செய்தபடி கற்றார். கங்குபாய் ஹூப்ளியிலிருந்து ரயிலில் போய்வந்து கற்றார். வீட்டில் தங்கும் பையனின் காதில், பாடம் இல்லாத நேரத்திலும் குருவின் குரல் விழும். ரயிலுக்குக் கிளம்ப வேண்டியவருக்குப் பாடம் மட்டும்தான். யாரால் குருவின் வீட்டில் தங்க முடிந்தது, யாரால் முடியவில்லை என்ற கேள்வியை இங்கே எழுப்புங்கள். இன்னொன்றையும் விடாதீர்கள்: கங்குபாயின் தாய் அம்பாபாய் கர்நாடக இசைப் பாடகி. மகளின் ஹிந்துஸ்தானிப் பயிற்சி கெட்டுவிடக் கூடாதென்று அவர் தம் பாட்டையே நிறுத்திக்கொண்டார். ஒரு பரம்பரை தழைக்க இன்னொன்று வாய்மூடியது. இது எந்த மரத்திலும் வருவதில்லை.

மூன்றாவது, ஹிந்துஸ்தானிப் பாடகர் அமீர் கான். வாஹித் கானின் விலம்பித நடை, அதாவது மெதுவான காலத்தில் நிதானமாகப் பாடும் முறை, அவரிடம் ஆழமாக இறங்கியிருக்கிறது. ஆனால் அவர் கண்டா கட்டிக்கொண்ட, அதாவது சாட்சிகள் முன்னால் மணிக்கட்டில் நூல் கட்டிச் சேர்த்துக்கொள்ளப்பட்ட சிஷ்யர் அல்லர். கேட்டுக் கேட்டு வாங்கியவர். அவர் பாணி இந்தூர் கரானா என்று தனிப்பெயர் பெற்றது. பாணி கைமாறுவதும் உறுப்பினராவதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டாம்.

பாணியை எழுதும்போது பலரும் சறுக்குவது பழைய இசைத்தட்டுகளில். அப்துல் கரீம் கான் காலத்துத் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான். விலம்பித ஏக்தால் என்ற மெதுவான தாளத்துக்கு 12 மாத்திரை. மாத்திரைக்கு ஐந்து வினாடி என்றால் ஓர் ஆவர்த்தனத்துக்கே ஒரு நிமிடம் போய்விடும். ராகத்தை ஸ்வரம் ஸ்வரமாக விரிக்கும் ‘பட்த்’ அதில் எங்கே அடங்கும்? ‘கரீம் கான் விறுவிறுப்பாகப் பாடினார், பீம்சேன்தான் மெதுவாக்கினார்’ என்று எழுதினால் தட்டின் நீளத்தைப் பாடகர்மேல் ஏற்றியதாகிவிடும். ஒப்பிட வேண்டுமானால் இருவரும் பாடிய ஒரே உருப்படியை எடுங்கள். ஜோகியா ராகத்தில் ‘பியா கே மிலன் கீ ஆஸ்’ இருவர் குரலிலும் பதிவாகியிருக்கிறது. ஸ்வரத்தை எப்படித் தொடுகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எங்கே மூச்சு விடுகிறார்கள் என்று குறியுங்கள்.

பிற்காலத்து நீண்ட பதிவுகளில் வேகத்தை அளக்க, சமத்திலிருந்து அடுத்த சமம்வரை கடிகாரம் பிடியுங்கள். பாட்டின் முதல் வரித் துண்டான முகடா வந்து விழும் முதல் ‘தின்’தான், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் மாத்திரைதான், சமம். தபலாவின் ஒவ்வோர் அடியையும் மாத்திரையாக எண்ணாதீர்கள்: ‘திரகிட’ நான்கு அடி, மாத்திரை ஒன்றே. ஏக்தாலில் அது 4ஆவது, 10ஆவது மாத்திரைகளில் வரும். எண்ணிக்கை சரியா என்று அதை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். முதல் மூன்று ஆவர்த்தனங்களை ஒரு தடவையும், பாட்டின் நடுவில் மூன்றை இன்னொரு தடவையும் அளந்து தனித்தனியே எழுதுங்கள். போகப்போக வேகம் கூடும் என்பதால் இரண்டையும் கலந்து சராசரி போட்டால் தப்பாகும்.

கடைசியாக, வரைபடத்தில் ஊர்களையும் எழுதுங்கள். கரானாவுக்குப் பெயர் தந்த கைரானா உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. பாட்டு வேர்விட்டதோ மீரஜ், புனே, ஹூப்ளி, தார்வாட் பக்கம். அப்துல் கரீம் கான் 1937இல் காலமானது நம் சிங்கப்பெருமாள்கோவில் ரயில் நிலையத்தில், புதுச்சேரி போகும் வழியில். அவர் தியாகராஜ கிருதியை இசைத்தட்டில் பாடியவர். ஸ்வரப் பெயர்களைச் சொல்லியே ஸர்கம் பாடும் அவருடைய பழக்கத்தில் தென்னாட்டுச் சாயல் உண்டு என்பார்கள். எனவே உங்கள் மரத்துக்குத் தெற்கிலிருந்தும் ஒரு கேள்வி ஞானக் கோடு வேண்டும். அதைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள்.