எந்த நாளிலிருந்து சொத்து?

கேள்வி: எங்கள் சிறிய நிறுவனம் புதிய கருவி ஒன்றை உருவாக்க இரண்டு ஆண்டுகளாகப் பணம் போட்டு வருகிறது. அதை முழுவதும் சொத்தாகக் காட்டினால் லாபம் நன்றாகத் தெரியும் என்கிறார்கள். காட்டலாமா?

பதில்: உங்கள் நிறுவனத்திலும் மார்ச் மாதம் நெருங்கிய பிறகுதான் இந்தப் பேச்சு எழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். முழுவதையும் காட்ட முடியாது. ஒரு பகுதியைக் காட்டலாம். அந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்பதை உங்கள் முதலாளியோ ஆடிட்டரோ விருப்பப்படி முடிவு செய்ய இயலாது. வேலை எந்த நாளில் எந்த நிலையில் இருந்தது என்பதுதான் முடிவு செய்யும்.

நான் தர்மபுரியில் விவசாய மோட்டார்களுக்கான ஸ்டார்ட்டர் தயாரிக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணறுகள் மிக ஆழமானவை. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போய்விட்டால் நீர்மூழ்கி மோட்டார் கருகிவிடும்; அதை மேலே தூக்கிச் சுருள் கட்டி மறுபடி இறக்குவதற்குள் விவசாயி கடனாளி ஆகிவிடுவார். இதைத் தடுத்து, கைபேசியிலிருந்தே மோட்டாரை இயக்கும் கருவி ஒன்றை 2022-ல் வடிவமைக்கத் தொடங்கினோம்.

அந்த நிதியாண்டில் சுமார் 14 லட்சம் செலவாயிற்று. சந்தையில் உள்ள கருவிகளை வாங்கிப் பிரித்துப் பார்த்தது, எந்த வகைச் சுற்று பொருந்தும் என்று ஒப்பிட்டது, விவசாயிகளிடம் விசாரித்தது எல்லாம் அதில் அடங்கும். முழுவதும் ஆராய்ச்சிக் கட்டம். கையில் பிடிக்க முடியாத புலனாகாச் சொத்துகளுக்கான கணக்குத் தரநிலை 26-ன்படி, ஆராய்ச்சிக் கட்டச் செலவு அந்த ஆண்டே லாப நட்டக் கணக்குக்குப் போய்விட வேண்டும். போயிற்று.

மறு ஆண்டு, 2023-24-ல், 46 லட்சம் செலவானது. வங்கிக் கடன் வரம்பை உயர்த்தும் பேச்சும் அப்போது நடந்தது. முதலாளி என்னை அழைத்து, "ஏம்மா, போன வருடத்து 14 லட்சத்தையும் சேர்த்து 60 லட்சமாகச் சொத்தில் காட்டிவிடலாமே, கருவிதான் வெற்றி பெற்றுவிட்டதே?" என்றார். உடனிருந்த சென்னை ஆலோசகர் ஒருவரும் தலையாட்டினார்.

14 லட்சத்தின் கதை முடிந்துவிட்டது. ஒருமுறை ஆண்டுக் கணக்கில் செலவாக அறிவித்த தொகையைப் பின்னாளில் சொத்தின் அடக்கவிலையில் சேர்க்கத் தரநிலை அனுமதிப்பதில்லை. கருவி எவ்வளவு பெரிய வெற்றி பெற்றாலும் அது திரும்பாது. மீதி 46 லட்சத்துக்குத்தான் உண்மையான வேலை இருந்தது.

மேம்பாட்டுக் கட்டத்தில் ஆறு நிபந்தனைகளும் நிறைவேறிய பிறகு ஆகும் செலவு மட்டுமே சொத்து. தொழில்நுட்ப ரீதியில் செய்து முடிக்க இயலும், முடிக்கும் எண்ணம் இருக்கிறது, விற்கவோ பயன்படுத்தவோ முடியும், வருமானம் வரும் வழி தெரிகிறது, முடிப்பதற்கான பணமும் ஆட்களும் இருக்கிறார்கள், செலவைத் தனியாக அளக்க முடிகிறது என்பவை அவை. ஆறையும் வாயால் சொல்வது எளிது. காகிதத்தில் காட்டுவதுதான் கடினம்; அதிலும் முதலாவது.

எங்கள் இரண்டாவது மாதிரிக் கருவி மேசையில் அழகாக ஓடியது. பாலக்கோடு பக்கம் ஒரு தோட்டத்தில் பொருத்தியபோது, இரவில் மின்னழுத்தம் இறங்கியதும் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காண்டாக்டர் படபடவென்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அந்த நாளில் "தொழில்நுட்பம் தேறிவிட்டது" என்று யாரும் எழுதியிருக்க முடியாது. மூன்றாவது மாதிரி செப்டம்பரில் அதே தோட்டத்தில் தாக்குப்பிடித்தது. எங்கள் பொறியாளரின் சோதனை நோட்டில் கிரீஸ் விரல் பதிந்த ஒரு பக்கம் இருக்கிறது: தேதி, ஒவ்வொரு முனையின் மின்னழுத்தம், ஒரு முனையைத் துண்டித்த நேரம், மோட்டார் நின்ற நேரம், தோட்டக்காரரின் கையெழுத்து. அதே மாத இறுதியில் இயக்குநர்கள் கூடித் தயாரிப்புக்கு ஒப்புதல் தந்து பணம் ஒதுக்கினார்கள். மூன்று விநியோகஸ்தர்கள் எழுத்தில் ஆர்டர் தந்திருந்தார்கள். ஆகவே அக்டோபர் 1 என் தேதி ஆயிற்று.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆன 11 லட்சம் லாப நட்டக் கணக்கில் செலவாகவே போயிற்று. அதில் மாதிரி செய்த வேலையும் கலந்திருந்தது உண்மை. ஆனால் நிபந்தனைகள் நிறைவேறும் முன் நடந்த வேலை அது. ஆராய்ச்சியையும் மேம்பாட்டையும் பிரிக்கவே முடியாவிட்டாலும் முழுவதையும் ஆராய்ச்சியாகத்தான் கொள்ள வேண்டும்.

அக்டோபர் 1 முதல் ஆனது 35 லட்சம். இதில் பொறியாளர் சம்பளம் 15, உதிரிபாகங்களும் சோதனைப் பொருள்களும் 7, வெளி ஆய்வகக் கட்டணம் 3, ஆக 25 லட்சம் புலனாகாச் சொத்து. மேலுறைக்கான பிளாஸ்டிக் அச்சு 6 லட்சம். அது கையில் பிடிக்கும் பொருள், இயந்திரங்களோடு சேர வேண்டியது. விநியோகஸ்தர் கூட்டம் 2, மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி 1, பொது நிர்வாகத்தில் பங்கு 1, ஆக 4 லட்சம் நேராகச் செலவு. பயிற்சிச் செலவை நுழைக்கத்தான் பலரும் முயல்வார்கள்; விடாதீர்கள்.

சம்பளத்தில் அந்த 15 லட்சம் எப்படி வந்தது என்று ஆடிட்டர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. அதே பொறியாளர்கள் பழைய ஸ்டார்ட்டர்களையும் பழுது பார்ப்பவர்கள். யார் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று வாரந்தோறும் எழுதி வாங்கியிருந்தேன். பழுதுபார்த்த நேரத்துக்கான சம்பளம் இந்தத் தொகையில் இல்லவே இல்லை. இந்த ஏடு இல்லாத நிறுவனம் ஆறாவது நிபந்தனையிலேயே தோற்றுவிடும்.

கருவி ஜனவரி 1-ல் விற்பனைக்குத் தயாரானது. ஆயுள் ஐந்து ஆண்டு என்று கணித்தோம்; எனவே ஆண்டுக்கு 5 லட்சம், அந்த ஆண்டின் மூன்று மாதத்துக்கு 1.25 லட்சம் எழுதிக் கழித்தோம். தரநிலை, சொத்தின் ஆயுள் பத்து ஆண்டுக்கு மேல் இராது என்ற அனுமானத்தோடு தொடங்குகிறது என்பதற்காகப் பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. மின்னணுப் பலகை அத்தனை காலம் சந்தையில் நிற்காது.

பெரிய நிறுவனங்களுக்கு இந்த் ஏஎஸ் 38 என்ற வேறு தரநிலை உண்டே என்று யாரேனும் பின்னூட்டமிடுவீர்கள். தெரியும். கேட்டவர் சிறிய நிறுவனம், அதனால் 26-ஐச் சொன்னேன். இந்த விஷயத்தில் இரண்டும் ஒரே வழியில்தான் போகின்றன. சிறு நிறுவனம் என்பதால் இந்த அடிப்படை விதி தளர்ந்துவிடாது.

அந்தச் சென்னை ஆலோசகர் என்னிடம், "தர்மபுரியில் ஆராய்ச்சியெல்லாம் நடக்கிறதா?" என்று கேட்டார். இன்றுவரை எனக்கு ஆறவில்லை. மாவட்டத்தை வறட்சி, கூலி வேலை, பெங்களூருக்கு ரயில் ஏறும் கூட்டம் என்று மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு, இங்கே பலகையில் ஈயம் ஊற்றிச் சுற்று அமைக்கும் பிள்ளைகள் கண்ணில் படுவதில்லை. பாலிடெக்னிக் முடித்த அந்தப் பிள்ளைகள்தான் பாலக்கோட்டுத் தோட்டத்தில் விடிய விடிய நின்றவர்கள்.

வங்கி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நிகர மதிப்பைக் கணக்கிடும்போது வங்கியாளர்கள் புலனாகாச் சொத்தை வழக்கமாகக் கழித்துவிடுவார்கள். எங்கள் வங்கி மேலாளரும் அந்த 25 லட்சத்தைக் கழித்துத்தான் பார்த்தார். 60 லட்சம் காட்டியிருந்தால் 60-ஐயும் கழித்திருப்பார். அச்சுக்கான 6 லட்சத்தை அவர் தொடவில்லை. வருமான வரிக்கு ஆராய்ச்சிச் செலவைக் கழிக்கும் விதி தனி. அங்கே ஒரே ஆண்டில் கழித்து இங்கே ஐந்து ஆண்டுக்குப் பரப்பினால், அந்த வித்தியாசத்துக்குப் பின்னாளில் கட்ட வேண்டிய வரியை, அதாவது ஒத்திவைத்த வரிப் பொறுப்பையும் புத்தகத்தில் எழுத வேண்டும்.